‘மூடும்’, ‘மூடவும்’: ஒரு கையேட்டைத் திருத்திய என் அனுபவம்

இயந்திரக் கையேடு ஒன்றில் ‘கதவை மூடும்’, ‘பொத்தானை அழுத்தும்’ என்று கட்டளைகள் நிறைந்திருந்தன. ‘மூடவும்’, ‘அழுத்தவும்’ என்று இருக்க வேண்டியவை அவை. படிப்பவர், கதவு தானாக மூடிக்கொள்ளும் என்று நினைத்துவிடுவார். ‘மூடும்’, ‘மூடவும்’ இரண்டுமே சரியான தமிழ்ச் சொற்கள் என்பதால் பிழைதிருத்தி எதையும் காட்டவில்லை.

‘மூடும்’ என்பதை எல்லா இடத்திலும் ‘மூடவும்’ என்று ஒரேயடியாக மாற்றிப் பார்த்தேன். ‘ஐந்து நொடியில் வால்வு மூடும்’ என்ற விளக்கமும் ‘வால்வு மூடவும்’ ஆகிவிட்டது. ‘வும்’ என முடிவதையெல்லாம் தேடினாலும் கட்டளை மட்டும் கிடைக்காது. ‘எண்ணைத் தரவும்’ கட்டளை. ‘தரவும் கோப்பும் அழியும்’ என்பதில் அது ‘தரவு’ என்ற பெயர்ச்சொல். இது எளிதில் கண்ணில் படாது.

கடைசியில் கைகொடுத்தது ‘உங்கள்’ சோதனை. ஒவ்வொரு வரியிலும் வினையை ‘உங்கள்’ முடிவுக்கு மாற்றிப் படித்தேன். ‘கதவை மூடுங்கள்’ பொருந்துகிறது, அது கட்டளை. ‘வால்வு மூடுங்கள்’ இடறுகிறது, அது விளக்கம்; தொடவில்லை. கட்டளை என்று உறுதியானதும் ‘வேண்டும்’ சேர்த்தேன்: ‘மூட வேண்டும்’. அந்த ‘மூட’வோடு ‘வும்’ சேர்த்தால் ‘மூடவும்’. ‘நில்’ இதே வழியில் ‘நிற்கவும்’ ஆகும். எதிர்மறைக்கு ‘மூட வேண்டாம்’ என்றே வைத்தேன். அப்பாடா, முடிந்தது.