கடலோர பால்கனியில தக்காளி நாத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை பக்கம் மாடி வீட்ல இருக்கவங்க நிறைய பேர் சொல்றது ஒண்ணுதான், விதை நல்லா முளைக்குது, நாத்து ஒரு சாண் உயரம்கூட வராம கருகிப்போகுது. விதை மேல பழி போடுறதுக்கு முன்னாடி உப்பைப் பாருங்க. நம்ம ஊர்ல உப்பு மூணு வழியா வரும், தண்ணியில, கோகோபீட்னு விக்கிற தேங்காய் நார்க்கழிவுல, காத்துல.

முதல் தவறு, கோகோபீட்டை நனைச்ச உடனே குழி குழியா இருக்கிற நாத்து ட்ரேல அடைக்கிறது. சரியா கழுவாத கோகோபீட்ல உப்பு அதிகமா இருக்கும், அதனால நல்ல தண்ணியில ஊறவச்சு பிழிஞ்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு மறுபடி ஊறவைக்கணும், ரெண்டு மூணு தடவை. கடைசியா பிழியிற தண்ணியில ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க, கரிச்சா இன்னொரு தடவை கழுவுங்க. அதுக்கப்புறம் ஒரு பங்கு மண்புழு உரத்துக்கு மூணு பங்கு கோகோபீட் போதும். இவ்வளவும் பண்ணிட்டு போர் தண்ணியை ஊத்துனா கழுவுனதெல்லாம் வீண். நாத்துக்குத் தேவைப்படுறது ஒரு நாளைக்கு ஒரு சொம்பு தண்ணிதான், அதுக்குக் குடிக்கிற தண்ணியையே எடுத்துக்கலாம், மழை நேரத்துல பிடிச்சு வச்ச தண்ணி இருந்தா அதைவிட நல்லது. இலை ஓரம் மட்டும் பழுப்பா காஞ்சு மொறுமொறுன்னு ஆச்சுன்னா உப்புதான்னு முதல்ல சந்தேகப்படுங்க.

ரெண்டாவது, முளைச்ச பிறகும் ட்ரேயை ரூமுக்குள்ளயே வச்சிருக்கிறது. விதை முளைக்க வெளிச்சம் தேவையில்ல, ஆறேழு நாள்ல தலை காட்டிரும், ஆனா தலை காட்டுன அன்னைக்கே வெளிச்சத்துக்கு வரணும். ரெண்டு நாள் தள்ளிப்போட்டா தண்டு நூல் மாதிரி நீண்டு சாஞ்சிரும். அந்த நேரத்துல தண்ணியும் அளவோட, மேல காஞ்சா மட்டும். எந்நேரமும் சொதசொதன்னு இருந்தா மண்ணை ஒட்டி தண்டு சுருங்கி நாத்து அப்படியே மடங்கி விழும், அது நாற்றழுகல், அந்தக் குழி நாத்தைக் காப்பாத்த முடியாது, பிடுங்கிப் போட்ருங்க.

இப்ப முக்கியமான விஷயம், நடுறதுக்கு முன்னாடி நாத்தை வெளி வெயிலுக்கும் காத்துக்கும் பழக்குறது. குளிர் நாட்டுக்காரங்க எழுதுனதைப் படிச்சா குளிருக்குப் பழக்குற மாதிரி சொல்லிருப்பாங்க, நமக்குக் குளிர் பிரச்சனையே இல்ல, வெயிலும் காத்தும் அது கொண்டு வர்ற உப்பும்தான். டிசம்பர் முதல் வாரம் விதைச்சு ஜனவரியில நடுறீங்கன்னு வைங்க, அப்ப வாடைக்காத்து வடகடல்லருந்து நேரா அடிக்கும், வடக்கு கிழக்கு பாத்த பால்கனின்னா நாத்து முகத்துலயே அடிக்கும். அங்க ட்ரேயை எடுத்துட்டுப்போய் கைப்பிடிச் சுவர் மேல வச்சா ஒரே நாள்ல முடிஞ்சுது. முதல் ரெண்டு நாள் சுவருக்கு உள்பக்கம் தரையில, காலைல ஏழு மணிலருந்து ஒரு மணி நேரம். அடுத்த ரெண்டு நாள் ரெண்டு மூணு மணி நேரம். அப்புறம் பதினோரு மணி வரைக்கும், அதுக்கப்புறம் கொஞ்சம் மேல தூக்கி ஒரு ஸ்டூல் மேல, காத்து படட்டும், லேசா ஆடுற தண்டு தடிச்சு வரும். ஏழாவது எட்டாவது நாள்லருந்து ராத்திரியும் வெளியவே இருக்கலாம். இலையில வெள்ளையா காகிதம் மாதிரி திட்டு விழுந்தா வெயில் அதிகமாயிருச்சு, ரெண்டு நாள் பின்னால போங்க.

பழக்கும்போது தண்ணியைக் குறைக்கச் சொல்வாங்க, அதை நம்ம ஊர்ல அப்படியே செய்யாதீங்க. குழி நல்லா காயக் காய மிச்சமிருக்கிற உப்பு செறிவாகி வேரைச் சுடும். இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்க, ஆனா வாடவிடாதீங்க, ஊத்தும்போது அடியில வழியிற அளவு ஊத்துங்க. காத்து பலமா அடிச்ச ராத்திரிக்கு அடுத்த நாள் காலைல வெயில் ஏறுறதுக்குள்ள நல்ல தண்ணியை இலை மேல ஸ்ப்ரே பண்ணி உப்பைக் கழுவி விட்ருங்க.

விதைச்சு 25லருந்து 30 நாள்ல, முளைக்கும்போது வர்ற விதையிலை போக, நாலஞ்சு நிஜ இலை வந்திருக்கும், அப்ப நடலாம், சாயங்காலம் மட்டும். தக்காளி தண்டுல புதைஞ்ச இடமெல்லாம் வேர் விடும், அதனால அடியில இருக்கிற முதல் ரெண்டு இலையைக் கிள்ளிட்டு அந்த இடத்துக்கு மேல வரைக்கும் மண் வர்ற மாதிரி ஆழமா வைங்க, மேலோட்டமா வச்சா வாடையில ஆடி ஆடி வேர் பிடிக்காது. பக்கத்துல குச்சி ஒண்ணு அன்னைக்கே ஊனிருங்க, பிறகு ஊனுனா வேர் அறும். மூணு நாள் பச்சை வலை நிழல் போதும். புதுசா ஒரு இலை வர்ற வரைக்கும், சுமாரா ஒரு வாரம், எந்த உரமும் போடாதீங்க, யூரியா மாதிரி பாக்கெட் உரமும் வேருக்கு உப்புதான்.