ஜெர்மன் கடிகாரத்தில் ‘அரை மூன்று’ என்றால் இரண்டரை: குழப்பம் தீர ஒரு செய்முறை

லைப்சிக் நகருக்கு வந்த இரண்டாவது மாதம், பல் மருத்துவரிடம் தொலைபேசியில் நேரம் கேட்டேன். வரவேற்பில் இருந்த அம்மா ‘ஹல்ப் ட்ரை’ என்றார். ஹல்ப் என்றால் அரை, ட்ரை என்றால் மூன்று. மூன்றரை என்று எழுதிக்கொண்டு, சரியாக 3:30-க்குப் போய் நின்றேன். எனக்குக் கொடுத்திருந்த நேரம் 2:30. அடுத்த நேரம் மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. பல்வலியோடு அந்த மூன்று வாரத்தை ஓட்டியபோதுதான் இதை உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். அப்போது எனக்குக் கைகொடுத்த வழியை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஜெர்மன் எண்கள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். மணிக்கு ‘ஊர்’ என்பதும் தெரிந்திருக்கும்.

முதல் படி: முடிந்த மணியா, நடக்கிற மணியா?

நம் ஊரில் குழந்தையின் வயதைக் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வோம். ‘ரெண்டு முடிஞ்சிடுச்சு’ என்பது ஒன்று. ‘மூணு நடக்குது’ என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே வயதுதான்.

கடிகாரத்தைப் பார்க்கும்போது தமிழ் முதல் வகையைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டே கால், இரண்டரை, இரண்டே முக்கால் மூன்றிலும் முடிந்துபோன இரண்டைத்தான் சொல்கிறோம், அதற்கு மேல் எவ்வளவு என்று கூட்டுகிறோம். ஜெர்மன் இரண்டாம் வகை. இரண்டு மணி அடித்த அந்த நொடியிலிருந்து அவர்களுக்கு மூன்றாவது மணி நடக்கிறது. அது பாதி நடந்துவிட்டால் ‘ஹல்ப் ட்ரை’, அதாவது மூன்றாவதில் பாதி. நமக்கு அது இரண்டரை.

இந்தக் கணக்கு கடிகாரத்துக்கு மட்டும் உரியதல்ல. ஒன்றரைக்கு ஜெர்மனில் இன்றும் ‘அன்டர்ட்ஹல்ப்’ என்ற சொல் உண்டு. இரண்டாவதில் பாதி என்பதுதான் அதன் பொருள். இரண்டரைக்கும் பழைய ஜெர்மனில் ‘ட்ரிட்ஹல்ப்’, மூன்றாவதில் பாதி, என்று ஒரு சொல் இருந்தது. இப்போது வழக்கில் இல்லை. இது தெரிந்த பிறகு ‘ஹல்ப் ட்ரை’ எனக்கு விசித்திரமாகப் படவே இல்லை.

அதனால் ஹல்ப் என்று காதில் விழுந்ததும் அதற்கு அடுத்து வரும் எண்ணில் ஒன்றைக் குறைத்து, ‘அரை’ சேர்த்துவிடுங்கள். ஹல்ப் ஃபியர், மூன்றரை. ஹல்ப் நொய்ன், எட்டரை. ஹல்ப் ஐன்ஸ் என்று வந்தால் மட்டும் கவனம்: ஒன்றிலிருந்து ஒன்று போனால் பூஜ்யம் இல்லை, கடிகாரத்தில் அது பன்னிரண்டு. ஆகவே பன்னிரண்டரை. மதியச் சாப்பாட்டுக்கு யாராவது அழைத்தால் பெரும்பாலும் இந்த நேரம்தான் வரும்.

இரண்டாம் படி: காலும் முக்காலும்

நான் மறுபடி தடுக்கி விழுந்த இடம் இது. பாடப்புத்தகத்தில் 2:15-க்கு ‘ஃபிர்டல் நாஹ் ட்ஸ்வை’, 2:45-க்கு ‘ஃபிர்டல் ஃபோர் ட்ரை’ என்று இருக்கும். ஃபிர்டல் என்றால் கால், நாஹ் என்றால் பின், ஃபோர் என்றால் முன். பள்ளியில் படித்த ஆங்கிலத்தின் குவார்ட்டர் பாஸ்ட், குவார்ட்டர் டு போலவே இருப்பதால் சிரமம் இல்லை. ஹாம்பர்க், கொலோன் பக்கம் இருப்பவர்களுக்கு இதுவே போதும்.

லைப்சிக், டிரெஸ்டன், ஸ்டுட்கார்ட் பக்கம் வந்தால் கதை வேறு. இங்கே 2:15-ஐ ‘ஃபிர்டல் ட்ரை’ என்பார்கள். 2:45 என்றால் ‘ட்ரைஃபிர்டல் ட்ரை’. நாஹ், ஃபோர் இரண்டுமே கிடையாது. மூன்றாவது மணியில் கால் பங்கு நடந்தது, முக்கால் பங்கு நடந்தது என்று அதே நடக்கிற கணக்குதான்.

ட்ரைஃபிர்டல் என்பது நம் முக்காலேதான். அதனாலேயே தமிழ்க் காதுக்கு அது மற்றவர்களைவிட அதிக ஆபத்து. ஆங்கிலத்தில் ‘முக்கால்’ போட்டு மணி சொல்வதில்லை. அதனால் ஆங்கிலேயர் இதைக் கேட்டால் புரியாமல் திரும்பக் கேட்பார். நமக்கோ உடனே புரிந்த மாதிரி இருக்கும்: ‘ட்ரைஃபிர்டல் ஃபியர்’, முக்கால், நான்கு, அப்படியென்றால் நாலே முக்கால்! இல்லை. அது மூன்றே முக்கால்.

இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. பின்னத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் நாஹ் அல்லது ஃபோர் இருக்கிறதா? இருந்தால் அந்த எண் கடிகாரத்தில் முழு மணி அடிக்கும் இடம்; நாஹ் என்றால் அதைத் தாண்டி எண்ணுங்கள், ஃபோர் என்றால் அதிலிருந்து கழியுங்கள். இல்லையென்றால் அது நடக்கிற மணி. ஒன்றைக் குறைத்துவிட்டுத் தமிழ்ப் பின்னத்தை ஒட்டுங்கள்.

முடி வெட்டும் கடையில் ‘ட்ரைஃபிர்டல் ஃபியர் வாருங்கள்’ என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நாஹ், ஃபோர் இல்லை. ஆகவே நான்காவது மணி நடக்கிறது, மூன்று முடிந்தது. நான்காவதில் முக்கால் பங்கு போயிருக்கிறது. மூன்றே முக்கால், 15:45. அதே கடையில் வேறொருவர் ‘ஃபிர்டல் ஃபோர் ஃபியர்’ என்றாலும் நேரம் அதேதான்.

மூன்றாம் படி: அரையைச் சுற்றி ஐந்து நிமிடம்

2:25-க்கு ஜெர்மன்காரர்கள் இயல்பாகச் சொல்வது ‘ஃப்யூன்ஃப் ஃபோர் ஹல்ப் ட்ரை’. ஐந்து, முன், அரை, மூன்று. முதல் தடவை கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. ஆனால் இதற்கு நம்மிடமே அச்சான தொடர் இருக்கிறது: ‘ரெண்டரைக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு.’ முதலில் கடைசி இரண்டு சொல்லை மட்டும் பிடித்து இரண்டரை ஆக்குங்கள். அப்புறம் முன்னால் உள்ள ஐந்தைக் கழியுங்கள். ‘ஃப்யூன்ஃப் நாஹ் ஹல்ப் ட்ரை’ என்றால் இரண்டரை தாண்டி ஐந்து, 2:35.

வேகமான பேச்சில் நடுவில் உள்ள ஹல்ப் நழுவிவிடும். அது நழுவினால் கிடைப்பது ‘ஃப்யூன்ஃப் ஃபோர் ட்ரை’, அதுவும் சரியான ஒரு நேரம்தான், 2:55. எனவே பிழை இருப்பதே தெரியாது. ஐந்து என்று தொடங்கினால் உடனே எண்ணுக்குத் தாவாமல் ஹல்ப் வருகிறதா என்று காத்திருக்கப் பழகுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். ஹல்ப் ட்ரையை மூன்றரை என்று எடுத்தால் ஒரு மணி நேரம் தாமதம். முக்காலில் ஏமாந்தாலும் ஒரு மணி நேரம் தாமதம். ஹல்ப் நழுவினால் அரை மணி தாமதம். எல்லாப் பிழையும் ஒரே பக்கம், தாமதப் பக்கம். ஆகவே சந்தேகம் வந்து கேட்க வழியே இல்லை என்றால், இரண்டு நேரங்களில் முந்தியதற்குப் போய்விடுங்கள்.

நான்காம் படி: நாம் சொல்லும்போது

இப்போது திசையைத் திருப்ப வேண்டும். மனதில் எட்டரை என்று இருந்தால் ஒன்றைக் கூட்டி ‘ஹல்ப் நொய்ன்’. எட்டே கால் என்றால் லைப்சிக்கில் ‘ஃபிர்டல் நொய்ன்’. ஆனால் புதிதாக வந்தவர்கள் இதைச் சொல்ல அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. ‘ஃபிர்டல் நாஹ் ஆஹ்ட்’ என்று சொன்னால் எந்த ஊரிலும் புரியும். மற்றதைக் காதுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரோடு நேரம் பேசினாலும் கடைசியில் ரயில் நிலைய பாணியில் திருப்பிக் கேளுங்கள்: ‘ஃபியர்ட்செய்ன் ஊர் ட்ரைஸிஷ்?’ பதினான்கு மணி முப்பது என்று பொருள். இருபத்துநான்கு மணிக் கணக்கில் இந்த நடக்கிற மணி விவகாரமே கிடையாது. முடிந்த மணி, அதன் மேல் நிமிடம், நாம் சொல்வது போலவே. எதிரில் இருப்பவர் ‘யா’ சொன்னால் வேலை முடிந்தது. பல் மருத்துவரிடம் அன்று இதை ஒரு முறை கேட்டிருந்தால் போதும்.

பயிற்சிக்குக் கைபேசி செயலிகளை நான் விரும்புவதில்லை. அவை 2:30 என்று இலக்கத்தைக் காட்டிவிடுகின்றன. மூன்றை நோக்கி நகரும் முள் கண்ணில் படுவதில்லை. முள் வைத்த சாதாரணச் சுவர்க் கடிகாரம் ஒன்றை வாங்கி, பேட்டரி போடாமல் கையால் திருப்பிப் பழகுங்கள். சின்ன முள் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கும்போது, அது எதை நோக்கிப் போகிறது என்று கேட்டால் ஜெர்மன் விடை, எதைத் தாண்டியது என்று கேட்டால் தமிழ் விடை. எனக்கு இரண்டு வாரம், தினமும் பத்து நிமிடம் ஆனது.

பிற்சேர்க்கை 1: ‘இரண்டரை மணி நேரம் ஆகும்’ என்று சொல்ல ஹல்ப் ட்ரை போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. ஹல்ப் ட்ரை கடிகாரத்தில் ஒரு புள்ளி மட்டுமே. கால அளவுக்கு ‘ட்ஸ்வைஐன்ஹல்ப் ஷ்டுண்டன்’. இதில் ட்ஸ்வை, அதாவது இரண்டு, அப்படியே இருக்கும். தமிழில் இரண்டு இடத்திலும் ‘இரண்டரை’ வருவதால் இந்தக் கேள்வி எழுவது இயல்பே.

பிற்சேர்க்கை 2: அலுவலகத்தில் ஆங்கிலம் பேசும் ஜெர்மன்காரர் ‘ஹாஃப் த்ரீ’ என்றால் என்ன செய்வது என்று இன்னொருவர். பிரிட்டன்காரர் வாயில் ஹாஃப் த்ரீ என்றால் 3:30; அங்கே பாஸ்ட் என்ற சொல்லை விழுங்கிவிடுவார்கள். ஜெர்மன்காரர் தம் மொழியை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் 2:30. சொல்லைக் கேட்டுக் கண்டுபிடிக்கவே முடியாது. நெதர்லாந்து, சுவீடன் ஆட்களிடமும் இதே நிலைதான், அவர்கள் மொழியிலும் அரை மூன்று என்றால் இரண்டரை. இலக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை 3: சூரிச்சிலிருந்து எழுதிய அக்கா, அங்கே நாஹ் என்பதற்குப் பதில் ‘அப்’ என்கிறார்கள் என்று சொன்னார். ‘ஃபிர்டல் அப் ட்ஸ்வை’ என்றால் இரண்டே கால். நடுவில் ஒரு சொல் இருக்கிறது, ஆகவே இரண்டாம் படியின் சோதனைப்படி முழு மணியிலிருந்தே எண்ண வேண்டும். நாஹ், ஃபோர் பட்டியலில் அப்-பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹல்ப் மட்டும் அங்கேயும் மாறுவதில்லை.