மாஸ்டர்ஸ் படிப்பைத் தேர்ந்தெடுக்க: தரவரிசையை ஓரமாக வைத்துவிட்டுப் பாடத்திட்டத்தைத் திறங்கள்

க்யூஎஸ் உலகத் தரவரிசையில் 30 சதவீத மதிப்பெண் கல்வியாளர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பிலிருந்து வருகிறது. இன்னொரு 20 சதவீதம் ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கு. நீங்கள் சேரப்போகும் மாஸ்டர்ஸில் என்ன பாடம், எப்படித் தேர்வு என்பதெல்லாம் அதில் வருவதே இல்லை. அதை நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும். எடின்பரோவின் கணினி அறிவியல் எம்.எஸ்சி., மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இன்ஃபர்மேடிக்ஸ் எம்.எஸ்சி. இரண்டையும் வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: சரியான ஆவணம். அழகான படங்களோடு வரும் விளம்பரப் பக்கம் போதாது. எடின்பரோவுக்கு அதன் பாட விதிமுறைத் தொகுப்பான `DRPS` என்றும், மியூனிக்குக்குப் பாடக் கையேடு என்று பொருள்படும் `Modulhandbuch` என்றும் சேர்த்துத் தேடுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் தனி விவரம் கிடைக்கும். எந்தக் கல்வியாண்டுக்கானது என்று பார்த்துவிடுங்கள், பழைய பக்கங்களும் தேடலில் வரும்.

படி 2: ஒரே அளவுக்கு மாற்றுங்கள். பிரிட்டனின் 2 கிரெடிட், ஐரோப்பாவின் 1 கிரெடிட்டுக்குச் சமம். எடின்பரோவின் மொத்தம் 180 கிரெடிட் என்பது 90 ஆகிறது, மியூனிக்கில் மொத்தம் 120. இரண்டிலும் தீசிஸுக்கு 30 போய்விடும், ஆக மற்ற படிப்புக்கு மிஞ்சுவது எடின்பரோவில் 60, மியூனிக்கில் 90. தீசிஸ் கணக்கில் சமம் என்றாலும் எடின்பரோவில் அதை ஒரே கோடைக்காலத்துக்குள் முடிக்க வேண்டும், மியூனிக்கில் ஆறு மாதம் தருகிறார்கள். பிஎச்.டி. எண்ணம் இருப்பவர்களுக்கு என்னைக் கேட்டால் இந்த ஒரு வித்தியாசமே பெரிது. மறுபக்கம், ஒரே வருடத்தில் முடித்து வேலைக்குப் போக நினைப்பவருக்கு எடின்பரோதான் வசதி.

படி 3: எப்படிச் சொல்லித் தருகிறார்கள்? எடின்பரோவின் பாடப் பக்கத்தில் விரிவுரை எத்தனை மணி நேரம், டுடோரியல் எவ்வளவு, தானாகப் படிப்பது எவ்வளவு, எழுத்துத் தேர்வுக்கும் அசைன்மென்ட்டுக்கும் எத்தனை சதவீதம் என்று பிரித்தே போட்டிருப்பார்கள். உங்களுக்குப் பிடித்த ஐந்தாறு பாடங்களுக்கு மட்டும் இதை ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலானவற்றில் எழுத்துத் தேர்வே முக்கால்வாசி என்றால், செய்து பார்த்துக் கற்பவர்களுக்கு அது ஒத்துவருமா என்று யோசிக்க வேண்டும். மியூனிக்கில் 10 கிரெடிட் செய்முறைப் பாடமும், கட்டுரை படித்துப் பேசும் 5 கிரெடிட் செமினாரும் உண்டு.

படி 4: ஆய்வு. பேராசிரியரின் பெயரை விட அவர் குழுவின் பக்கம் முக்கியம். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் மாஸ்டர்ஸ் மாணவர்கள் என்ன தலைப்பில் தீசிஸ் செய்தார்கள், இப்போது என்ன தலைப்புகள் காலியாக இருக்கின்றன என்று பாருங்கள். புகழ்பெற்றவர் பட்டியலில் இருப்பார், ஆனால் மாஸ்டர்ஸ் மாணவர்களை எடுக்காமல் பிஎச்.டி. மாணவர்களிடமே விட்டிருக்கலாம், அல்லது அந்த வருடம் விடுப்பில் இருக்கலாம். துறை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டு, உங்கள் விருப்பப் பாடம் வரும் வருடம் நடக்கிறதா, அதில் இடம் வரம்பு உண்டா என்று கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.