பிராக்ஸி இணையாமல் அடம்பிடித்தபோது

4கே, 10 பிட், எச்.265 காட்சிகளை என் பழைய லேப்டாப்பில் வெட்டும்போது படம் தத்தித் தத்தித்தான் ஓடும். கோப்பின் அளவு மட்டும் காரணமில்லை. எச்.265 சுருக்க முறையில் பெரும்பாலான ஃபிரேம்கள் பக்கத்து ஃபிரேம்களைச் சார்ந்தே சேமிக்கப்படுகின்றன. ஓரிடத்தில் நிறுத்திப் பார்க்கவே முன்பின் உள்ள பலவற்றை பிராசஸர் விரித்தாக வேண்டும்.

சரி என்று, வெட்டும்போது அசலுக்குப் பதிலாகப் பயன்படும் சிறிய நகலான பிராக்ஸிக்கு மாறினேன். ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும் புரோரெஸ் வடிவத்தில் அதை உருவாக்கினேன். அகலம் 3840-லிருந்து 1280 ஆனதால் பிக்சல்கள் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்தன. ஆனால் எடிட்டிங் மென்பொருள், ஆடியோ சேனல்கள் பொருந்தவில்லை என்று பிராக்ஸியை இணைக்க மறுத்துவிட்டது.

அரை நாள் தேடிய பிறகுதான் பிடிபட்டது. என் கேமரா இரண்டு மைக்குகளையும் தனித்தனி ஆடியோ டிராக்குகளாகப் பதிகிறது. எதுவும் சொல்லாவிட்டால், பிராக்ஸி உருவாக்க நான் பயன்படுத்தும் `ffmpeg` ஒரே ஒரு டிராக்கைத்தான் எடுத்துக்கொள்ளும். `-map 0:a` சேர்த்ததும் இரண்டும் வந்தன:

```
ffmpeg -i C0012.MP4 -map 0:v:0 -map 0:a \
 -vf scale=1280:-2 -c:v prores_ks -profile:v 0 \
 -c:a copy C0012_Proxy.mov
```

இதில் ஃபிரேம் ரேட்டையும் நான் தொடவில்லை. அது மாறினால் வெட்டிய இடங்கள் நழுவும். இப்போது டைம்லைன் தடையின்றி ஓடுகிறது. வண்ணத் திருத்தத்துக்கும் ஃபோகஸ் சரிபார்க்கவும் மட்டும் அசல் கோப்புக்கு மாறிக்கொள்கிறேன், 1280 அகலத்தில் லேசான மங்கல் தெரியாது. எக்ஸ்போர்ட் முடிந்ததும் சிறிய எழுத்து உள்ள ஒரு காட்சியைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். எழுத்தின் ஓரங்கள் குழைந்திருந்தால் பிராக்ஸியே வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம்.