மணவாளக்குறிச்சி கருமணலும் எக்ஸ்பிஎஸ் பீக்கும்: எங்கே சறுக்குகிறோம்?

மணவாளக்குறிச்சி கருமணலில் இருக்கும் இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியம் ஆக்சைடைப் பிரித்தெடுத்து, வெளியூர் ஆய்வகத்துக்கு எக்ஸ்பிஎஸ் எடுக்க அனுப்புகிறோம். எக்ஸ்-கதிர் பட்டு மேற்பரப்பிலிருந்து வெளியேறும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளக்கும் சோதனை அது. சில வாரங்களில் ஒரு எக்செல் கோப்பு வரும். அதைத் திறந்ததும் பீக் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, 'இரும்பு இந்த நிலை, டைட்டானியம் அந்த நிலை' என்று எழுதிவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. Ti 2p3/2 பீக் 461.0 எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. Ti⁴⁺ ஆக்சைடுக்கு 458.5 பக்கத்தில்தான் வர வேண்டும். இது புதுசாக எதுவும் இல்லை. எலக்ட்ரான்களை இழந்த மணல் நேர்மின்னூட்டம் ஏறி, எல்லா பீக்கையும் மேலே தள்ளியிருக்கிறது. மேற்பரப்பில் படிந்திருக்கும் கார்பனின் பீக்கான C 1s 287.1-இல் இருந்தால், அதை வழக்கமான 284.8-க்கு இறக்குவோம். வித்தியாசம் 2.3. டைட்டானியம் 458.7-க்கு வந்துவிடும்.

ஆனால் அந்தக் கார்பன் யாருடையது? மணலைக் கார்பன் டேப்பில் தூவியிருந்தால், மணிகளுக்கு இடையே டேப் எட்டிப் பார்க்கும். டேப்புக்கு மின்னூட்டம் ஏறாது, மணிக்கு ஏறும். டேப்பின் C 1s-ஐப் பிடித்து மணியைத் திருத்தினால் கணக்கே தப்பு. C 1s இரண்டாகப் பிளந்தோ, வழக்கத்தைவிட அகன்றோ இருந்தால் முதலில் இதைச் சந்தேகிக்கணும். உறுதி செய்ய O 1s-இலிருந்து Ti 2p3/2-ஐக் கழித்துப் பாருங்கள். டேப்பிலும் ஆக்சிஜன் உண்டு என்பதால், O 1s-இல் ஆக்சைடுக்குரிய பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். O 1s 532.4 என்றால் வித்தியாசம் 71.4, Ti⁴⁺ ஆக்சைடுக்கு இது ஒத்துப்போகும். ஒரே மணியின் இரண்டு பீக்கும் சேர்ந்தே நகர்வதால், இந்த வித்தியாசம் மின்னூட்டத்தால் மாறாது.

அடுத்து இரும்பு. Fe²⁺-க்கும் Fe³⁺-க்கும் பீக் நகர்வு சுமார் ஓர் எலக்ட்ரான் வோல்ட்தான். திருத்தத்தில் வரும் பிழையே அதில் பாதியை விழுங்கிவிடும். அதனால் எண்ணைவிடத் துணைப் பீக்கை நம்புங்கள். Fe 2p3/2-க்கு மேலே, 719 பக்கத்தில் மேடு தெரிந்தால் Fe³⁺. 715 பக்கத்தில் தோள் மாதிரி தெரிந்தால் Fe²⁺. நம் எடுத்துக்காட்டில் முதன்மைப் பீக் 713.2, மேடு 721.4. திருத்தினால் 710.9, 719.1. ஆக, Fe³⁺.

இல்மனைட் என்றால் Fe²⁺ அல்லவா வர வேண்டும்? எக்ஸ்பிஎஸ் பார்ப்பது மேலேயுள்ள சில நானோமீட்டர்களை மட்டும். காற்றும் கடல்நீரும் பட்ட மேல்தோல் அது; முழு மணியைப் பற்றி அது எதையும் சொல்லாது.

'அப்போ ஆர்கான் அயனியால் சுரண்டி உள்ளே பார்ப்போம்' என்பார்கள். இதுதான் பெரிய பொறி. அயனி அடியில் ஆக்சிஜன் முதலில் பறந்துபோய், Fe³⁺ தானே Fe²⁺ ஆகிறது. 457 பக்கத்தில் Ti³⁺ தோளும் முளைக்கும். அந்தத் தோள் சுரண்டலுக்குப் பிறகு மட்டும் வந்திருந்தால், அதை மணலின் கணக்கில் எழுதக் கூடாது. கூடவே வந்த Fe²⁺-ஐயும் நம்ப முடியாது. மணி முழுக்க Fe²⁺ எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், அதற்கு மணியின் உட்பகுதியையும் சேர்த்துப் பார்க்கும் மாஸ்பவர் நிறமாலை நல்ல வழி.