ஓடும் பெல்ட்டில் மணல் விழும்போது: கூடுதல் விசையைக் கணக்கிடும் முறை

கிடைமட்டமாக ஓடும் ஒரு கன்வேயர் பெல்ட். அதன் மேலே ஒரு ஹாப்பர். அதிலிருந்து மணல் நேர் கீழாக விழுந்துகொண்டே இருக்கிறது. மணல் விழத் தொடங்கியதும் பெல்ட்டின் வேகம் குறையப் பார்க்கும். வேகம் குறையாமல் இருக்க மோட்டார் கூடுதலாக எவ்வளவு விசை தர வேண்டும்? ரோலர் உராய்வுக்காக வெறும் பெல்ட்டுக்கே ஒரு விசை தேவைப்படும். அதை இங்கே சேர்க்கவில்லை. மணல் வந்ததால் மட்டும் கூடுகிற விசைதான் நம் கேள்வி.

பெல்ட்டின் வேகம் மாறவே இல்லை, முடுக்கம் சுழி, அப்படியானால் விசை எதற்கு என்று பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். பெல்ட்டுக்கு முடுக்கம் இல்லை என்பது சரிதான். மணலுக்கு இருக்கிறது. விழும் மணலுக்குப் பக்கவாட்டு வேகம் கிடையாது. பெல்ட்டில் உட்கார்ந்த சற்று நேரத்தில் பெல்ட்டின் வேகத்தை எட்டிவிடுகிறது. அந்த வேகத்தைக் கொடுப்பது பெல்ட், பெல்ட்டுக்கு அதை ஈடுகட்டுவது மோட்டார்.

படி 1: இரண்டு அளவுகளை எடுங்கள்

தேவையானவை இரண்டே: பெல்ட்டின் வேகம், ஒரு நொடிக்கு விழும் மணலின் நிறை. நம் கணக்குக்கு வேகம் நொடிக்கு 1.5 மீட்டர், மணல் மணிக்கு 72 டன் என்று வைத்துக்கொள்வோம். 72,000 கிலோவை 3,600 நொடியால் வகுத்தால் நொடிக்கு 20 கிலோ. டன்னை அப்படியே வாய்பாட்டில் போட்டால் விடை நியூட்டனில் வராது. முதலில் கிலோ, நொடி என மாற்றிவிடுங்கள்.

உண்மையான பெல்ட்டில் அளக்க வேண்டுமானால், பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அது அளந்து வைத்த தூரத்தைக் கடக்கும் நேரத்தைப் பாருங்கள், வேகம் கிடைத்துவிடும். பிறகு ஹாப்பரையும் பெல்ட்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டித்த பின், ஒரு மீட்டர் நீளத்தில் கிடக்கும் மணலை வழித்து எடை போடுங்கள். நம் பெல்ட்டில் அது 13.3 கிலோ இருக்கும், 1.5 ஆல் பெருக்கினால் 20. மணல் விழும் இடத்துக்கு அருகில் மட்டும் எடுக்காதீர்கள். அங்கே மணல் இன்னும் பெல்ட்டின் வேகத்தை எட்டாமல் வழுக்கிக்கொண்டிருக்கும். மெதுவாக நகர்வதால் நெருக்கமாகக் குவிந்திருக்கும், எடை கூடுதலாகக் காட்டும்.

படி 2: உந்தக் கணக்கைப் போடுங்கள்

0.1 நொடியை எடுத்துக்கொள்வோம். மணல் சீராக விழும்போது, ஒவ்வொரு 0.1 நொடியிலும் 2 கிலோ மணல் புதிதாகப் பெல்ட்டின் வேகத்தை எட்டுகிறது. அதன் கிடைமட்ட உந்தம் முன்பு சுழி. இப்போது 2 × 1.5 = 3 கிகி மீ/நொ. உந்த மாற்றத்தை நேரத்தால் வகுத்தால் விசை:

```
F = 3 / 0.1 = 30 N
```

0.1க்குப் பதிலாக வேறு எந்த நேரத்தை எடுத்தாலும் நிறையும் அதே விகிதத்தில் மாறுவதால், விடை 30 நியூட்டன்தான். பொதுவாக எழுதினால்:

```
F = (dm/dt) × v = 20 × 1.5 = 30 N
```

மணல் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பது இதில் வரவில்லை. உயரம் கூடினால் மணல் பெல்ட்டைக் கீழ்நோக்கி அதிகமாக அடிக்கும். அதைத் தாங்குவது அடியில் உள்ள ரோலர்கள். கிடைமட்ட உந்தம் அதனால் மாறாது.

படி 3: உராய்வு வழியாகச் சரிபாருங்கள்

மணலை இழுத்துச் செல்வது உராய்வு. அப்படியிருக்க உராய்வுக் குணகம் ஏன் விடையில் இல்லை? இதை ஒரு முறை எண்களோடு போட்டுப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

மணலுக்கும் பெல்ட்டுக்கும் இடையே குணகம் 0.5 என்று கொள்வோம். வழுக்கும் மணலின் முடுக்கம் 0.5 × 9.8 = 4.9 மீ/நொ². 1.5 என்ற வேகத்தை எட்ட 1.5 / 4.9 = 0.306 நொடி ஆகும். நொடிக்கு 20 கிலோ விழுவதால், எந்தக் கணத்தில் பார்த்தாலும் 20 × 0.306 = 6.12 கிலோ மணல் வழுக்கும் நிலையில் இருக்கும். அதன் மீதான உராய்வு விசை 0.5 × 6.12 × 9.8 = 30 நியூட்டன். அதே விடை.

குணகம் 0.25 ஆனால்? ஒவ்வொரு துகளும் வேகம் எடுக்க இரு மடங்கு நேரம் ஆகும். அதனால் வழுக்கும் மணலும் இரு மடங்கு, 12.24 கிலோ. பெருக்கிப் பாருங்கள், மறுபடியும் 30. குணகம் குறைந்ததை வழுக்கும் மணலின் அளவு ஈடுகட்டிவிடுகிறது. மணல் விழத் தொடங்கிய முதல் 0.3 நொடியில் மட்டும் விசை சுழியிலிருந்து 30 வரை ஏறும். அதன்பின் நிலையாக நிற்கும்.

படி 4: திறனைக் கணக்கிடும்போது கவனம்

கூடுதல் திறன் F × v, அதாவது 30 × 1.5 = 45 வாட். மணல் நொடிக்குப் பெறும் இயக்க ஆற்றலோ ½ × 20 × 1.5² = 22.5 ஜூல். சரியாகப் பாதி!

மீதிப் பாதி வழுக்கலில் வெப்பமாகப் போகிறது. மணல் வேகம் எடுக்கும் 0.306 நொடியில் பெல்ட் 0.46 மீட்டர் நகர்கிறது. மணல் சுழியிலிருந்து தொடங்குவதால் 0.23 மீட்டர்தான் நகர்கிறது. ஆக, மணல் பெல்ட்டின் மேல் 0.23 மீட்டர் தேய்கிறது. பெல்ட் செய்யும் வேலையில் பாதி மணலை ஓட வைக்கிறது, பாதி தேய்மானத்துக்கு. வழவழப்பான பெல்ட்டில் இந்தத் தூரங்கள் இரண்டும் சேர்ந்தே கூடும். பாதிக்குப் பாதி என்பது மாறாது.

தேர்வுத் தாள்களில் இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடம்தான். இயக்க ஆற்றலிலிருந்து தொடங்கி, 22.5ஐ 1.5 ஆல் வகுத்து, விசை 15 நியூட்டன் என்று எழுதிவிடுகிறார்கள். உங்கள் விடை சரியான விடையில் பாதியாக வந்தால் காரணம் இதுவே: ஆற்றல் முழுதும் மணலின் ஓட்டத்துக்கே போகிறது என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். வழுக்கல் இருக்கும் இடத்தில் உந்தத்திலிருந்து தொடங்குங்கள். ஆற்றலைப் பிறகு பாருங்கள்.

வாய்பாடு எங்கே ஏமாற்றும்

F = v × dm/dt என்பதை மனப்பாடம் செய்து எல்லா இடத்திலும் போடக் கூடாது. பெல்ட்டின் அடியில் ஓட்டை விழுந்து மணல் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறை மாறுகிறது, dm/dt எதிர்க்குறி பெறுகிறது. வாய்பாட்டை நம்பினால் பின்னோக்கி ஒரு விசை வேண்டும் என்று வரும். உண்மையில் கசிவதால் எந்தக் கிடைமட்ட விசையும் தேவைப்படாது. கசியும் மணல் பெல்ட்டின் வேகத்தோடேயே கீழே போகிறது. தன் உந்தத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. பெல்ட்டின் மறுமுனையில் மணல் கொட்டும்போதும் அதே கதைதான். அங்கே கொட்டுவதால் இங்கே விசை குறையாது.

முழுமையான வடிவம், சேரும் மணலுக்கு ஏற்கனவே உள்ள கிடைமட்ட வேகம் u-வையும் கணக்கில் எடுப்பது:

```
F = (dm/dt) × (v − u)
```

நேர் கீழே விழும் மணலுக்கு u = 0. அதனால்தான் எளிய வடிவம் நமக்குப் பொருந்தியது.

இதில் நடைமுறைப் பயன் ஒன்றும் உண்டு. ஹாப்பரின் வாயில் வளைந்த சரிவுத் தகடு ஒன்றை வைத்து, மணல் பெல்ட் ஓடும் திசையில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தோடு வந்து சேரும்படி செய்தால், விசை 20 × 0.5 = 10 நியூட்டனாகக் குறையும். வழுக்கலில் போகும் வெப்பம் ½ × 20 × 0.5² = 2.5 வாட். முன்பு 22.5 இருந்தது! மின்சாரத்தில் மிச்சம் சொற்பம்தான். ஆனால் பெல்ட்டின் மேல்பரப்பைச் சுரண்டுவது அந்தத் தேய்ப்பு. மணல் விழும் இடத்தில் அது ஒன்பதில் ஒரு பங்காகக் குறைவது பெரிய விஷயம். தகட்டின் சரிவு போதாமல் மணல் அதிலேயே தேங்கினால் இந்தப் பலன் போய்விடும்.

உண்மை எந்திரத்தில் 30 நியூட்டனைப் பிரித்தறிவது

பெல்ட்டின் நீளம் 40 மீட்டர் என்றால் அதன் மேல் சுமார் 533 கிலோ மணல் இருக்கும். அந்தச் சுமையால் ரோலர்களில் கூடும் தடைக்கு 0.02 என்ற குணகத்தை எடுத்தால் 533 × 9.8 × 0.02, ஏறத்தாழ 105 நியூட்டன். நாம் கண்டுபிடித்த 30ஐவிட மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே நீளமான பெல்ட்டுக்கு மோட்டார் தேர்வு செய்யும்போது 30ஐ மட்டும் கூட்டினால் மோட்டார் திணறும். பெல்ட் மேல்நோக்கி ஏறினால், மணலின் எடையை ஏற்றும் விசையையும் சேர்க்க வேண்டும். குட்டையான, வேகமான பெல்ட்டில் நிலைமை வேறு: அதே 20 கிலோவுக்கு வேகத்தை இரட்டித்தால் உந்த விசை 60 ஆகும், பெல்ட்டின் மேல் கிடக்கும் மணலோ பாதியாகும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஹாப்பரின் கதவைச் சட்டென்று மூடி, மோட்டாரின் திறனைக் கவனியுங்கள். கடைசியாக விழுந்த மணல் வேகம் எடுத்த அந்த 0.3 நொடிக்குள் 30 நியூட்டன் மறைந்துவிடும். பெல்ட் நிறைய மணல் இன்னும் கிடந்தாலும்கூட. அதன்பின் பெல்ட் காலியாக ஆக, அடுத்த 27 நொடியில் மீதி 105 நியூட்டன் மெல்ல மெல்ல இறங்கும். சட்டென்று விழும் பகுதி மணலுக்கு வேகம் கொடுத்த விசை, மெதுவாக இறங்கும் பகுதி மணலைச் சுமந்த விசை. மீட்டர் நொடிக்கு ஒரு முறைதான் எண்ணை மாற்றும் என்றால் முதல் இறக்கம் கண்ணில் தெளிவாகப் படாது. நொடிக்கு பத்து முறையாவது பதிவு செய்யும் கருவி வேண்டும்.