சதுரங்கம் ஆடாதவருக்குக் கடைசிச் சுற்றைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு சதுரங்கப் போட்டி நடந்தால் மறுநாள் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். யார் தொடங்கி வைத்தார், யார் முன்னிலை வகித்தார், யார் கோப்பை வாங்கினார். நடுவில் "விறுவிறுப்பாக நடைபெற்ற இறுதிப் போட்டியில்" என்று ஒரு வரி. என்ன விறுவிறுப்பு என்று எழுதியவருக்கும் தெரியாது, படித்தவருக்கும் தெரியாது.

அந்த வரியிலேயே முதல் தவறு இருக்கிறது. நம் ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடப்பவை. அதில் இறுதிப் போட்டி என்று ஒன்றே கிடையாது. தோற்றவர் வெளியேறுவதில்லை, எல்லோரும் எல்லாச் சுற்றும் ஆடுவார்கள். ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களை ஒவ்வொரு சுற்றிலும் எதிரெதிரே உட்கார வைப்பார்கள். வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை. கடைசியில் கூட்டிப் பார்த்து அதிகம் வைத்திருப்பவர் முதலிடம். முன்னணியில் இருப்பவர்கள் மோதும் முதல் பலகையில் நடக்கும் ஆட்டம் ஃபைனல் மாதிரி தோன்றினாலும் அதன் கதி பக்கத்துப் பலகையிலும் தொங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் கடைசிச் சுற்று தொடங்கும் முன் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யாருக்கு டிரா போதும்? இதைக் கேட்காமல் எழுதுவதில்தான் மற்ற தவறுகள் எல்லாம் பிறக்கின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆறு சுற்றுப் போட்டி, ஐந்து முடிந்துவிட்டது. அரூர்ப் பெண் 5 புள்ளி. முதல் பலகையில் அவளுக்கு எதிரே பாலக்கோட்டுப் பையன், நாலரை. இரண்டாம் பலகையில் பென்னாகரத்துப் பையன் நாலரை, அவனுக்கு எதிரே காரிமங்கலத்துப் பையன் நான்கு. மற்றவர்கள் எல்லோரும் கீழே.

அரூர்ப் பெண் ஜெயித்தால் பேச்சே இல்லை, கோப்பை அவளுக்கு. தோற்றால் பாலக்கோட்டுப் பையன் அவளைத் தாண்டிவிடுவான். டிரா ஆனால்? அவளுக்கு ஐந்தரை. பென்னாகரத்துப் பையனும் ஜெயித்திருந்தால் அவனுக்கும் ஐந்தரை, ஒரே புள்ளியில் நிற்பவர்களைப் பிரிக்கும் டை பிரேக்குக்குக் கணக்கு போகும். அவன் ஜெயிக்கவில்லை என்றால் அவளுக்கு டிராவே முதலிடம்.

இப்போது இரண்டாம் பலகை முன்னதாகவே டிராவில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் அரூர்ப் பெண், ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும், ராணியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்கிறாள். ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம் என்பது விதி. அவள் கேட்கிறாள், நடுவர் சரிபார்த்து ஒப்புக்கொள்கிறார். கணக்கு தெரியாத நிருபர் "முன்னிலையைத் தவறவிட்டார்" என்று எழுதுவார். அவள் செய்ததோ அன்றைக்கு ஆகச் சரியான காரியம். அந்தக் கூடுதல் சிப்பாயை வைத்து ஜெயிக்கப் போனால் தன் ராஜாவைத் திறந்துவிட வேண்டியிருக்கும். அந்த ஆபத்தை எடுக்க அவளுக்குத் தேவையே இல்லை.

இதே கேள்வி உலக சாம்பியன் பட்டப் போட்டிக்கும் பொருந்தும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். குகேஷுக்கும் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரனுக்கும் 14ஆவது ஆட்டம், அதுதான் கடைசி. அதுவரை ஆளுக்கு ஆறரைப் புள்ளி. டிரா ஆனால் மறுநாள் வேக ஆட்டங்களில் முடிவு செய்வார்கள், வேக ஆட்டத்தில் டிங்குக்குத்தான் கை ஓங்கும் என்பது பொதுவான கணிப்பு. அதாவது டிராவைக் கண்டு டிங் கவலைப்படத் தேவையில்லை. குகேஷ் மணிக்கணக்காக ஒரே ஒரு சிப்பாய் அதிகம் வைத்துக்கொண்டு ஏன் விடாமல் அழுத்தினார் என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. இதைச் சொல்லாமல் நகர்த்தலுக்குப் போனால் வாசகருக்கு ஒன்றும் ஒட்டாது.

நகர்த்தலைச் சொல்வதிலும் ஒரு பொதுத் தவறு உண்டு. `55. Rf2 Rxf2 56. Kxf2 Bd5` என்று குறியீட்டை அப்படியே ஒட்டிவிடுவது. ஆடத் தெரிந்தவருக்கு அது போதும், அவர் நம் செய்தியை எதிர்பார்த்து இருக்கவும் மாட்டார். ஆடாதவருக்கு இப்படிச் சொல்லலாம்:

இருவரிடமும் ராஜா, ஒரு யானை, ஒரு பிஷப். சிப்பாய் மட்டும் குகேஷுக்கு இரண்டு, டிங்குக்கு ஒன்று. டிங்கின் பிஷப் பலகையின் மூலையில் நின்றது. பிஷப் சாய்வாக மட்டுமே போகும். மூலையில் நிற்கும் பிஷப்புக்குப் போக ஒரே ஒரு கோடுதான். அந்த நேரத்தில் டிங் யானைக்கு யானை வெட்டிக்கொள்ளலாம் என்று நீட்டினார். குகேஷ் வெட்டினார், டிங்கின் ராஜா திருப்பி வெட்டியது. உடனே குகேஷ் தன் பிஷப்பை அந்த ஒரே கோட்டின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். ஒதுங்க டிங்குக்கு இடமில்லை, பிஷப்புகளும் வெட்டுப்பட்டன. மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும். இரண்டுக்கு ஒன்று என்ற வித்தியாசம் யானை இருந்தவரை தாங்கக்கூடியதாக இருந்தது, இப்போது தாங்காது. இரண்டு நகர்த்தலுக்குள் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இதில் ஒரு நகர்த்தலைத்தான் விளக்கினோம், 58 நகர்த்தலையும் அல்ல. அந்த ஒன்றை விளக்கும்போதும் "வேறென்ன செய்திருக்கலாம்" என்பது உள்ளே வந்துவிட்டது: யானையை நீட்டாமல் வைத்திருந்தால் டிங் தாக்குப்பிடித்திருக்கலாம். ஆடாத வாசகருக்குத் தவறு தவறாகத் தெரிவது அந்த மாற்று வழி தெரியும்போதுதான்.

அந்த விளக்கத்தின் கடைசி வாக்கியத்தையும் கவனியுங்கள். ஒப்புக்கொண்டார், அவ்வளவே. "செக்மேட் செய்து வீழ்த்தினார்" என்று எழுதினால் தப்பு. பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் ராஜா சிக்கும்வரை போவதில்லை. தேறாது என்று தெரிந்ததும் கைகொடுத்து எழுந்துவிடுவார்கள்.

யார் கை ஓங்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் காட்டும் எண்ணை வைத்து எழுதுவது இப்போது பரவிவரும் இன்னொரு தவறு. டிங் யானையை நீட்டிய நொடியே திரையில் எண் ஒரேயடியாகக் குகேஷ் பக்கம் சாய்ந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குகேஷுக்கு அது உடனே கண்ணில் படவில்லை, அவரே பிறகு சொன்னார். நேரலையில் எல்லோரும் பார்த்துவிட்ட ஒன்றை, பலகைக்கு முன் இருந்தவர் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட அந்த இடைவெளியில்தான் செய்தி இருக்கிறது. எண்ணைப் போட்டால் அது காணாமல் போய்விடும்.

நம் மாவட்டப் போட்டிகளில் திரையும் கிடையாது, பலகை அருகே போகவும் விடமாட்டார்கள். பரவாயில்லை. நீண்ட நேர ஆட்டம் என்றால் பிள்ளைகள் நகர்த்தல்களைத் தாளில் எழுதியிருப்பார்கள். ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் இருவரிடமும் தனித்தனியாக, "எந்த இடத்துல பயந்த?" என்று கேளுங்கள். "எப்படி ஜெயிச்ச?" என்றால் "நல்லா ஆடினேன்" என்ற பதில்தான் வரும். பயந்த இடத்தைக் கேட்டால் தாளில் விரலை வைத்துக் காட்டுவார்கள். இரண்டு விரலும் ஒரே இடத்தில் நின்றால் அதுதான் நீங்கள் விளக்க வேண்டிய நகர்த்தல்.

அப்புறம், கடைசிச் சுற்றில் முதல் பலகை ஆட்டம் முடிந்ததுமே வெற்றியாளர் பெயரை அனுப்பிவிடாதீர்கள். இருவர் ஒரே புள்ளியில் இருந்தால் டை பிரேக் பார்ப்பார்கள். புக்கோல்ஸ் என்ற முறை அடிக்கடி வரும்: ஒருவரோடு மோதியவர்கள் எல்லோரும் எடுத்த புள்ளிகளைக் கூட்டுவது. பலமானவர்களோடு மோதி அதே புள்ளி எடுத்தவர் மேலே போவார். எந்த முறை முதலில் வரும் என்பது போட்டிக்குப் போட்டி மாறும், தொடக்கத்திலேயே நடுவரிடம் கேட்டுவிடலாம். இந்தக் கூட்டலுக்குக் கடைசிப் பலகை வரை எல்லா ஆட்டமும் முடிந்தாக வேண்டும். எட்டாம் பலகையில் இரண்டு சிறுவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் முதலிடம் யாருக்கு என்பது நடுவருக்கே தெரியாது.